ராக்கில் 190, திரையில் மைனஸ் 20

கேள்வி: குகையில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். கவுண்டரை வீட்டுக்காரர் பார்க்கிறார், பில்லும் கணக்கும் என் பொறுப்பு. போன வருடம்தான் கம்ப்யூட்டருக்கு மாறினோம். அரை லிட்டர் சம்படத்தின் பக்கத்தைத் திறந்தால் `Stock on Hand` 190, `Committed Stock` 210, `Available for Sale` -20 என்று மூன்று எண் வருகிறது. ராக்கில் எண்ணிப் பார்த்துவிட்டேன், 190 சம்படம் கண் முன்னால் இருக்கிறது. இருக்கிற சரக்கு எப்படி மைனஸில் போகும்? சாப்ட்வேர் தப்பு, ஜீரோ ஆக்கிவிடு என்கிறார் வீட்டுக்காரர். ஆர்டர் நோட்டுப் பக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன். எந்த எண்ணை நம்புவது?

— ஒரு வாசகி, குகை, சேலம்

பதில்: வணக்கம் அம்மா. முதலில், ஜீரோ ஆக்கிவிடாதீர்கள். மூன்று எண்ணும் சரி. அதிலும் அந்த மைனஸ் 20தான் இப்போது உங்களுக்கு மிகவும் தேவையான எண்.

190 என்பது கையிருப்பு. கடைக்குச் சொந்தமாக இன்றைக்கு எத்தனை சம்படம் இருக்கிறதோ அது. எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம். 210 என்பது ஆர்டருக்கு ஒதுக்கியது. இதை ராக்கில் தேடினால் கிடைக்காது, ஆர்டர் நோட்டில்தான் இருக்கும். முதல் எண்ணில் இரண்டாவதைக் கழித்தால் வருவது மூன்றாவது: இப்போது கடைக்குள் வருகிறவருக்கு எத்தனை விற்கலாம் என்பது. அதை யாரும் எண்ண முடியாது, கழித்துத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் எண்ணியது முதல் எண்ணை. உங்கள் சந்தேகம் மூன்றாவதைப் பற்றியது. குழப்பம் இவ்வளவுதான்.

அது எப்படி மைனஸுக்குப் போனது என்பது நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்திலேயே தெரிகிறது. ஆடி முதல் தேதி எண்ணி எழுதிய 300-லிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிக்கும் மூன்று எண்ணையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்:

| தேதி | நடந்தது | கையிருப்பு | ஒதுக்கியது | விற்கலாம் |
|---|---|---|---|---|
| ஆடி 1 | எண்ணி வைத்தது | 300 | 0 | 300 |
| ஆடி 3 | கல்யாண ஆர்டர் 150 | 300 | 150 | 150 |
| ஆடி 9 | கிரகப்பிரவேச ஆர்டர் 60 | 300 | 210 | 90 |
| ஆடி 26 வரை | கவுண்டர் விற்பனை 70 | 230 | 210 | 20 |
| ஆடி 27 | பாத்திரச் சீட்டுக்கு 40 | 190 | 210 | -20 |

ஆடி 26 வரை ஒரு தப்பும் இல்லை. அன்று இரவு ராக்கில் 230 சம்படம் இருந்திருக்கும், அதில் விற்கக்கூடியது 20 மட்டும். மறுநாள் பாத்திரச் சீட்டு நடத்துகிற அம்மா வந்து 40 கேட்டார். வீட்டுக்காரர் திரும்பி ராக்கைப் பார்த்தார், நிறைய இருந்தது, கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. கவுண்டரில் நிற்பவருக்குத் தெரிவது ராக் மட்டும்தான். ஆர்டர் நோட்டு உங்கள் மேஜையில் இருக்கிறது.

நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் ஆடியில்தான் இது அதிகம் நடக்கும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்குத் தாம்பூலப் பாத்திரம் பேசி முன்பணம் கொடுப்பதெல்லாம் ஆடியில். பேசிய சரக்கு மூன்று, நான்கு வாரம் கடையிலேயே உட்கார்ந்திருக்கும். அதே வாரங்களில் மாரியம்மன் பண்டிகை, வண்டி வேடிக்கை என்று தெருவே நிறைந்து கவுண்டர் விற்பனையும் ஏறும். ஒரு ராக்கிலிருந்து இரண்டு வகை ஆட்கள் எடுக்கிறார்கள், ஒருவர் இன்றைக்கு, இன்னொருவர் அடுத்த மாதம். இடைவெளி நீள நீள, அடுத்த மாதத்து ஆளை மறப்பது சுலபமாகிறது.

ஜீரோ ஆக்கினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். மைனஸ் 20 மறைய வேண்டுமானால் கையிருப்பில் 20 கூட்ட வேண்டும், அல்லது ஒதுக்கியதில் 20 குறைக்க வேண்டும். கூட்டினால் கம்ப்யூட்டரில் 210, ராக்கில் 190. சரியாக இருந்த எண்ணை நாமே கெடுத்தோம். மார்ச் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது 20 சம்படம் காணவில்லை என்று வரும். அதற்குள் இதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள், பழி கடைப் பையன் மேல் போகும். இப்படி ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கடைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, நல்ல பையன் ஒருவன் 24 தூக்குவாளிக்காக வேலையை விட்டுப் போனான். அந்த 24-ஐயும் யாரும் எடுக்கவில்லை. முதலாளியே ஒரு மைனஸை மறைக்கக் கூட்டிப் போட்டது என்று பழைய பதிவுகளைத் தேடியபோதுதான் தெரிந்தது. அதற்குள் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஒதுக்கியதில் குறைப்பது இதைவிட மோசம். 60 கேட்ட வீட்டின் கணக்கு 40 ஆகிவிடும், அவர்கள் வந்து நிற்கிற நாளில்தான் அது தெரியவரும்.

சரி, இந்த 20 யாருக்குக் குறைகிறது? இதைத் திரை சொல்லாது, தேதி பார்த்து நீங்கள்தான் பிரிக்க வேண்டும். கல்யாணம் ஆவணி 5, கிரகப்பிரவேசம் ஆவணி 20 என்று நோட்டில் இருக்கிறது. கையில் உள்ள 190-இல் கல்யாணத்துக்கு 150 முழுதாகப் போகும். மீதி 40. ஆகவே குறைவது கிரகப்பிரவேச வீட்டுக்கு. உங்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் நேரமும் இருக்கிறது. தேதிகள் மாறியிருந்தால் இதே மைனஸ் 20 நாளைக் காலையில் தலைவலியாக நின்றிருக்கும். அதனால் ஆர்டர் எழுதும்போது எத்தனை என்பதோடு, எந்தத் தேதிக்கு என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.

எவ்வளவு வாங்குவது? 20 மட்டும் வாங்கினால் விற்கலாம் என்பது ஜீரோவுக்கு வரும், வாக்கு காப்பாற்றப்படும். ஆனால் கவுண்டருக்கு ஒன்றுகூட மிஞ்சாது. ஆறு டஜன், அதாவது 72 வாங்கினால் கையிருப்பு 262, ஒதுக்கியது 210, விற்கலாம் 52. பண்டிகை வாரங்களில் கவுண்டரில் 70 போயிருக்கிறது. இனி கொஞ்சம் தணியும், 52 போதும் என்று நினைக்கிறேன். வாங்கும் முன் இன்னொன்று பாருங்கள். மொத்த வியாபாரி இந்த முறை அனுப்புகிற லாட்டும் அதே மேக், அதே கேஜ், அதே மூடிதானா? 40 சம்படம் தட்டை மூடியும் 20 குவிந்த மூடியுமாகப் போனால் எண்ணிக்கை சரியாக இருந்தும் வாங்குகிறவர் முகம் சுருங்கும். ஒன்றை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேர் வெட்டக் கொடுங்கள்.

வரப்போகிற அந்த 72-ஐ லாரியிலிருந்து இறங்குகிறவரை விற்கலாம் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்னும் எவ்வளவு வாங்கலாம் என்று முடிவு செய்யும்போது அதைக் கணக்கில் எடுக்க வேண்டும், கவுண்டரில் எவ்வளவு விற்கலாம் என்று பார்க்கும்போது எடுக்கக் கூடாது. பெயர்கள் இங்கேதான் குழப்பும். டாலியில் `Reorder Status` பக்கத்தில் `Nett Available` என்று ஒரு எண் வரும். அது இருப்போடு வாங்கச் சொல்லியிருப்பதையும் கூட்டி, விற்பனை ஆர்டரைக் கழித்தது. கொள்முதலுக்கு அது சரியான எண். அதை நம்பிக் கவுண்டரில் விற்றால் லாரியில் இருக்கிற சரக்கை விற்றதாக ஆகும். சாப்ட்வேர் எதுவானாலும், வரப்போவதை அந்த எண்ணில் கூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கல்யாண வீட்டுக்காரர் ஆவணியில் வந்து 150-ஐ எடுத்துப் போகும் நாள். அதிகம் கெடுவது அன்றைக்குத்தான். அன்று கையிருப்பு 150 குறையும், ஒதுக்கியதும் 150 குறையும். இடையில் புதுச் சரக்கு வரவில்லை என்று வைத்துக்கொண்டால் கையிருப்பு 40, ஒதுக்கியது 60, விற்கலாம் அதே மைனஸ் 20. மாறவில்லை, பாருங்கள். அந்த 150-ஐ ஆடி 3 அன்றே கழித்துவிட்டோம், மறுபடி கழிக்க ஒன்றும் இல்லை. ஆர்டரைக் கொடுத்து அனுப்பும் நாளில் விற்கலாம் எண் அசையக் கூடாது. அசைந்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது.

பெரும்பாலும் அந்தத் தப்பு இதுதான்: அவசரத்தில் ஆர்டரைத் திறந்து அதிலிருந்து பில் போடாமல், புதிதாக ஒரு பில் போட்டுவிடுவது. கையிருப்பு 40 ஆகிவிடும், ஆர்டர் மட்டும் முடியாமல் 210 ஆகவே நிற்கும். விற்கலாம் மைனஸ் 170. அப்போதும் வீட்டுக்காரர் சாப்ட்வேரைத்தான் திட்டுவார். பழைய ஆர்டரைத் திறந்து, கொடுத்தாயிற்று என்று மூடினால் சரியாகிவிடும். பாதி கொடுத்தாலும் இதே முறைதான். 100 கொடுத்துவிட்டு 50-ஐ அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்றால், அந்த ஆர்டரிலிருந்தே 100-க்குப் பில் போடுங்கள், 50 ஒதுக்கியதாகவே தொடரட்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, முன்பணம் வாங்கும்போதே முழுப் பில் போட்டுவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். பல கடைகளில் அப்படிச் செய்கிறார்கள். வேண்டாம் அம்மா. பில் போட்டால் கணக்கில் சரக்கு உங்களுடையது அல்ல, ஆனால் ராக்கில் இருக்கும். எண்ணும்போதெல்லாம் 150 அதிகமாக வரும். அதோடு, கொடுக்காத சரக்கின் விற்பனை இந்த மாதக் கணக்கில் ஏறி, ஜிஎஸ்டியும் இந்த மாதமே கட்ட வேண்டியதாகும். காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத கடைகளுக்கு, சரக்குக்காக வாங்கும் முன்பணத்தின் மேல் வரி கட்ட வேண்டியதில்லை, பில் போடும்போது கட்டினால் போதும் என்று 2017 நவம்பரிலிருந்தே இருக்கிறது. ஆகவே முன்பணத்துக்கு ரசீது, சரக்குக்கு ஆர்டர், கொடுக்கும்போது பில்.

மார்ச் 31 ஸ்டாக் மதிப்பிலும் இதே கேள்வி வரும். முன்பணம் வாங்கியாயிற்றே, அந்தச் சரக்கை விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். விடக் கூடாது. கொடுக்கும்வரை அது உங்கள் சரக்கு, கையிருப்பில் முழுதாகச் சேர்த்து வாங்கிய விலையில் மதிப்புப் போடுங்கள். வாங்கிய முன்பணம் நீங்கள் திருப்பித் தர வேண்டிய பொறுப்பாக மறுபக்கம் நிற்கும். ஆக வருடக் கடைசிக் கணக்குக்குக் கையிருப்பு, கவுண்டருக்கு விற்கலாம் எண். எதை நம்புவது என்று கேட்டீர்களே, யார் எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

பாத்திரக் கடைக்கே உரிய ஒரு சிக்கல் பேர் வெட்டுவது. கல்யாண ஆர்டர் 150-ஐயும் பேர் வெட்டக் கொடுத்தனுப்பிய நாளில் ராக்கில் 40 சம்படம்தான் இருக்கும். அன்று எண்ணினால் 150 காணாமல் போனதுபோலத் தெரியும். போகவில்லை, வெட்டுகிறவர் பட்டறையில் இருந்தாலும் அது உங்கள் கையிருப்புதான். ராக், மேலே பரண், வெட்டுகிற இடம் மூன்றையும் கூட்டினால்தான் 190 வரும். கொடுத்தனுப்பும்போது தேதியும் எண்ணிக்கையும் எழுதி ஒரு துண்டுச் சீட்டில் அவரிடம் கையெழுத்து வாங்கி, ராக்கிலேயே ஒட்டி வையுங்கள்.

இனி ஆர்டர் ரத்தாகும் கதை. பேர் வெட்டாத ஆர்டர் ரத்தானால் ஒதுக்கியதில் குறைத்தால் போதும், விற்கலாம் தானாக ஏறும், கையிருப்பு அப்படியே இருக்கும். பேர் வெட்டியபின் ரத்தானால் அப்படி விட முடியாது. மூடியில் மணமக்கள் பேரும் தேதியும் இருக்கிற சம்படத்தை வேறு யாரும் புதுச் சரக்கு விலைக்கு வாங்க மாட்டார்கள். கணக்கில் அது விற்கலாம் எண்ணுக்குள் திரும்பி வந்துவிட்டால், 150 இருக்கிறது என்று நம்பி அடுத்த ஆர்டரைப் பிடித்துவிடுவீர்கள். அதனால் பேர் வெட்டிய சரக்கு என்று தனி ஐட்டம் திறந்து அங்கே மாற்றிவிடுங்கள். எடைக்குப் போட்டால் என்ன வருமோ, அதுவே அதன் மதிப்பு. வெட்டக் கொடுக்கும் முன் முன்பணம் எவ்வளவு வாங்குவது என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள். வாங்கிய விலைக்கும் எடைக்குப் போட்டால் வருவதற்கும் உள்ள வித்தியாசம், வெட்டுக்கூலி இரண்டையும் தாங்குகிற அளவுக்காவது முன்பணம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வாயால் சொல்லி வைக்கிற ஆர்டரை என்ன செய்வது? ஏற்காட்டிலிருந்து போன் போட்டு, நாளைக்கு இறங்கி வருகிறேன், ஒரு டஜன் எடுத்து வையுங்கள் என்பார்கள். பழகியவர், முன்பணம் கேட்க முடியாது. நான் சொல்வது, அதையும் எழுதுங்கள், ஆனால் காலாவதி போட்டு எழுதுங்கள். சொன்ன நாளோடு இன்னும் ஒரு நாள், அதற்குள் வரவில்லை என்றால் அடித்துவிடுங்கள். எழுதாமல் விட்டால் அவர் வருகிற நேரத்தில் இருக்காது. எழுதிவிட்டு அடிக்க மறந்தால், வராத ஆளுக்காக 12 சம்படம் மாதக்கணக்கில் முடங்கும், ராக்கில் சரக்கு இருக்கும்போதே வந்தவரைத் திருப்பி அனுப்புவீர்கள். இரண்டாவது வகை நஷ்டம் எந்த நோட்டிலும் பதிவாகாது. வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டுவிட்டுக் கடை திறந்ததும் முடியாத ஆர்டர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை படித்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

வீட்டுக்காரருக்கு மூன்று எண்ணையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அவர் பார்ப்பது ராக், ஆகவே ராக்கை மாற்றுங்கள். ஆர்டர் சம்படங்களை அட்டைப்பெட்டியோடு பரணுக்கு ஏற்றி, யாருக்கு, எத்தனை, எந்தத் தேதி என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கீழே ராக்கில் நிற்பது விற்கலாம் எண் மட்டுமாக இருக்கட்டும். இன்றைக்கே செய்வதானால் 150 ஒரு பக்கம், 40 ஒரு பக்கம் பரணேறிவிடும். கீழே ராக் காலியாகும். காலி ராக்கைப் பார்த்ததும் மொத்தக் கடைக்குப் போன் போடச் சொல்லி அவரே சொல்லுவார். கிரகப்பிரவேசப் பெட்டியின் மேல், 60-இல் 40 இருக்கிறது, 20 வர வேண்டும், ஆவணி 15-க்குள் என்று எழுதி வையுங்கள். பேர் வெட்ட நாள் வேண்டுமே, அதற்காகத்தான் ஐந்து நாள் முன்னதாகச் சொல்கிறேன்.